தயிருக்குக் காய்ச்சிய பால், சீஸுக்குக் காய்ச்சாத பால்

பொங்கல் லீவுக்குச் சென்னையிலிருந்து வந்த அக்கா மகன் வீட்டிலேயே பீட்சா செய்ய வேண்டும் என்றான். "சீஸையும் நாமளே பண்ணிருவோம் சித்தி" என்று, சீஸுக்குப் பாலைக் கட்டியாக்கும் ரென்னட் சீசா ஒன்றைக் கையோடு வாங்கி வந்திருந்தான். காரைக்குடியில் எங்கள் வீட்டு அடுப்படியில் நான் பாலுக்கு உறை ஊற்றாத நாள் கிடையாது. தயிர் வருகிற கைக்குச் சீஸ் வராதா என்ன என்று இரண்டு லிட்டர் பாலை அடுப்பில் ஏற்றி, வழக்கம்போல் நன்றாகப் பொங்கக் காய்ச்சினேன். ஆற வைத்து, சீசாவில் போட்டிருந்த கணக்குப்படி ரென்னட்டை விட்டு, முக்கால் மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் நோன்புக் கஞ்சி மாதிரி ஏதோ ஒன்று கிடந்தது. கத்தியை விட்டால் வெட்டுப்படவில்லை. துணியில் ஊற்றினால் பாதி துணி வழியாகவே ஓடிவிட்டது.

ரென்னட்டைக் குறை சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். குற்றம் என்னுடையது, அதுவும் முதல் படியிலேயே நடந்தது என்று அப்புறம்தான் புரிந்தது. தயிருக்குப் பாலைக் காய்ச்சியே ஆக வேண்டும். சீஸுக்கு அப்படிக் காய்ச்சினால் பால் கெட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே பால் கட்டியாவதுதான். ஆனால் கட்டியாகிற வழி வேறு. அந்த வேறுபாடு தெரிந்துவிட்டால் மற்றப் படிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பாலுக்குள் என்ன மிதக்கிறது

பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர். மீதியில் கொழுப்பு, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, உப்புச்சத்துகள், மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல் புரதம். அந்தப் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். கட்டியாவது இதுதான். கேசின் தனித்தனியாகக் கரைந்து கிடப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உருண்டைகளாக, நடுவில் கால்சியம் பிடித்து வைத்திருக்க, மிதந்துகொண்டிருக்கிறது.

ஒவ்வொரு உருண்டையையும் ஒரு ரம்புட்டான் பழமாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலெல்லாம் மயிர். அந்த மயிர், காப்பா கேசின் என்ற ஒருவகைக் கேசினின் நுனி. எல்லா உருண்டையின் மேலும் எதிர்மின் தன்மை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன. மயிரும் இடையில் நின்று ஒட்டவிடாமல் தடுக்கிறது. பால் பாலாகவே இருப்பதற்கு அதுதான் காரணம். அதைக் கட்டியாக்க இரண்டு வழி உண்டு. புளிப்பை ஏற்றி அந்தத் தள்ளுதலை இல்லாமல் செய்யலாம்; இது தயிர். அல்லது புளிப்பை அதிகம் ஏற்றாமல் மயிரை மட்டும் சிரைத்துவிடலாம், இது சீஸ். முதல் வேலையைப் பாக்டீரியா செய்கிறது, இரண்டாவதை ரென்னட்டில் உள்ள நொதி செய்கிறது. சீஸிலும் பாக்டீரியாவுக்கு வேலை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

தயிர்: முதலில் கொதி, அப்புறம் விரல்

அரை லிட்டர் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கி வந்தவுடன் இறக்கிவிடாமல், தீயைக் குறைத்து இன்னும் ஐந்து, பத்து நிமிடம் கொதியிலேயே வையுங்கள். கெட்ட கிருமி சாவது இதில் ஒரு லாபம். கெட்டித் தயிருக்கான காரணம் வேறு. பாலில் கேசின் தவிர மோர்ப்புரதங்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. எழுபது, எழுபத்தைந்து டிகிரி தாண்டியதும் இவை சுருள் பிரிந்து, நம் ரம்புட்டான் மயிரில் போய் ஒட்டிக்கொள்கின்றன. இப்படி ஒட்டிய உருண்டைகள் பிறகு புளிப்பில் சேரும்போது வலை நெருக்கமாக விழுகிறது, தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. பாக்கெட் பாலை வெறுமனே வெதுவெதுப்பாக்கி உறை ஊற்றினாலும் தயிர் ஆகும். ஆனால் கரண்டி பட்டதும் தண்ணீர் விட்டுக்கொண்டு, தளர்ந்து கிடக்கும்.

அடுத்து ஆற வைக்க வேண்டும், இங்கேதான் புதியவர்கள் பாதிப்பேர் தவறுகிறார்கள். நாற்பது டிகிரிக்குச் சற்று மேல் இருக்கும்போது உறை ஊற்ற வேண்டும். என் அப்பத்தாவுக்குத் தெர்மாமீட்டர் தெரியாது. "சுண்டு விரலை விட்டுப் பாரு ஆத்தா. பத்து எண்ணுற வரைக்கும் தாங்கணும், ஆனா சுகமா இருக்கக் கூடாது" என்பார். நான் பின்னாளில் அளந்து பார்த்தேன். அவர் விரல் சொன்னது 42 டிகிரி. ஐம்பதைத் தாண்டிய பாலில் உறைமோரை விட்டால் அதிலுள்ள பாக்டீரியா பெரும்பாலும் செத்துப்போகும். காலையில் பால் பாலாகவே இருக்கும், அல்லது வேறு ஏதாவது கிருமி உள்ளே புகுந்து திரித்து வைத்திருக்கும்.

உறைமோர் எவ்வளவு? சித்திரை, வைகாசியில் அரை லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி போதும். மார்கழி, தை மாதங்களில் ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் கூடுதலாக. நிறைய விட்டால் சீக்கிரம் கெட்டியாகும் என்று நினைத்து ஒரு கரண்டி ஊற்றுகிறவர்கள் உண்டு. சீக்கிரம் புளிக்கத்தான் செய்யும். தயிர் மணல் மணலாக, தண்ணீர் விட்டு நிற்கும். உறைமோரைப் பாலில் நன்றாகக் கலக்கி, அதன்பின் தொடாமல் வைத்துவிட வேண்டும். பாதியில் திறந்து ஆட்டிப் பார்த்தால் விழுந்துகொண்டிருக்கும் வலை அறுந்துபோகும், மறுபடி அதே கெட்டிக்கு வராது.

இனி உள்ளே நடப்பது இது. உறைமோரில் இருக்கும் பாக்டீரியா ஒரே வகை அல்ல. லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் முப்பது டிகிரிப் பக்கம் சுறுசுறுப்பாக இருக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸும் லாக்டோபேசில்லஸ் இனங்களும் நாற்பதுக்கு மேல் துள்ளும். வீட்டுக்கு வீடு இந்தக் கலவை மாறும். பக்கத்து வீட்டுத் தயிர் ருசி நம் வீட்டில் வராததற்கு இதுவும் ஒரு காரணம். இவை லாக்டோஸைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகின்றன. பிஹெச் என்பது புளிப்பு ஏற ஏற இறங்குகிற அளவு; பாலின் பிஹெச் 6.6 அல்லது 6.7-இல் தொடங்கிக் கீழே இறங்குகிறது. இறங்க இறங்க உருண்டைகளின் எதிர்மின் தன்மை குறைகிறது, மயிர் படிந்துவிடுகிறது, உள்ளே இருந்த கால்சியம் கரைந்து தண்ணீருக்குப் போகிறது. 4.6-ஐ நெருங்கும்போது தள்ளுதல் அறவே போய், உருண்டைகள் சங்கிலி சங்கிலியாக ஒட்டி நிற்கின்றன. இடையில் சிக்கிய தண்ணீரோடு சேர்த்து அதைத்தான் நாம் தயிர் என்கிறோம். கால்சியம் வெளியேறிவிட்டது என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள், பீட்சா வரும்போது வேண்டும்.

எங்கள் ஊர்க் கோடையில் நாலு, ஐந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். காலையில் ஊற்றினால் மதியச் சாப்பாட்டுக்கு ஆகிவிடும். மார்கழி ராத்திரியில் எட்டு, பத்து மணி நேரம் கேட்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பாத்திரத்தின் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால், அந்த மாதங்களில் நேராகத் தரையில் வைக்காமல் ஒரு மணைப் பலகை மேல் வைத்து, மேலே துண்டைச் சுற்றிவிடுவோம். அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பதும் உண்டு. உறைந்ததும் உடனே பிரிட்ஜுக்குப் போக வேண்டும். அங்கேயும் பாக்டீரியா சாவதில்லை, தூங்கி வழியும், அவ்வளவுதான். நாளாக நாளாகப் புளிப்பு மெதுவாக ஏறத்தான் செய்யும்.

பாத்திரம் பற்றி ஒரு வார்த்தை. மங்குச் சாடி, எவர்சில்வர், மண்சட்டி எல்லாம் சரி. மண்சட்டியில் கொஞ்சம் தண்ணீர் சட்டி வழியாகக் கசிந்து ஆவியாவதால் தயிர் இன்னும் இறுகும். ஈயம் பூசாத பித்தளையில் மட்டும் வேண்டாம். புளிப்பு பட்டுக் களிம்பு ஏறும்.

உறையாத பால்

ஒரு தடவை மூன்று நாள் தொடர்ந்து எங்கள் வீட்டில் தயிர் உறையவில்லை. உறைமோரை மாற்றினேன், பாத்திரத்தை மாற்றினேன், வெயில் படும் முற்றத்தில் வைத்துப் பார்த்தேன். பால் லேசாகப் புளித்த வாடையோடு தண்ணியாகவே நின்றது. நாலாம் நாள்தான் ஒரு காரியம் செய்தேன். இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றில் கறந்த பாலைக் காய்ச்சியும் மற்றொன்றில் பாக்கெட் பாலைக் காய்ச்சியும் ஊற்றி, ஒரே உறைமோரை ஒரே அளவில் விட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஐந்து மணி நேரத்தில் பாக்கெட் பால் கத்திக்கு நின்றது. கறந்த பால் அப்படியே இருந்தது. விசாரித்தபோது, மாட்டுக்கு மடிநோய் வந்து ஊசி போட்டிருப்பதாகப் பால்காரர் சொன்னார். அந்த ஆண்டிபயாடிக் பாலில் இறங்கி என் பாக்டீரியாவைக் கொன்றிருக்கிறது. கொதிக்க வைப்பதால் அந்த மருந்து முழுதாகப் போய்விடாது. ஊசி போட்ட மாட்டின் பாலை, கால்நடை மருத்துவர் சொல்லும் நாள்வரை யாருக்கும் ஊற்றக் கூடாது என்பதுதான் முறை.

இந்த இரட்டை டம்ளர் சோதனையை மறக்காதீர்கள். கெட்டது பாலா, உறையா என்று சந்தேகம் வந்தால் இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது. இரண்டு டம்ளருமே உறையவில்லை என்றால் உறைமோர் செத்திருக்கிறது, அல்லது பால் அதிகச் சூட்டில் இருந்திருக்கிறது.

தயிர் நூல் நூலாக இழுத்தால் பயப்பட வேண்டாம். சில பாக்டீரியா பிசின் போன்ற மாவுப்பொருளை வெளியே விடும். குளிர் நாளில் நெடுநேரம் உறைந்தால் இது அதிகம். உறையை மாற்றி, சற்றுச் சூடான இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று தடவையில் போய்விடும். ஆனால் உள்ளே காற்றுக் குமிழ் குமிழாக ஓட்டை விழுந்து வாடை அடித்தாலோ, மேலே சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் புள்ளி தெரிந்தாலோ, சுரண்டிவிட்டுச் சாப்பிடும் பேச்சே வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

உறைமோரே இல்லாத நாளில் காம்போடு கூடிய வரமிளகாயைப் பாலில் போட்டு வைக்கும் பழக்கம் தெரிந்திருக்கும். காம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியாதான் அங்கே வேலை செய்கிறது. எந்த பாக்டீரியா என்பது அதிர்ஷ்டம். முதல் ஈடு ருசியாக இராது. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு ஊற்றி, மூன்றாம் ஈட்டிலிருந்து சாப்பிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

ரென்னட்: சிரைக்கிற கத்தி

இனி சீஸ். ரென்னட்டில் உள்ள கைமோசின் என்ற நொதி, காப்பா கேசினை ஒரே ஒரு இடத்தில் வெட்டுகிறது. வெட்டியதும் மயிர் உதிர்ந்து தண்ணீரில் போய்விடும். வழுக்கையான உருண்டைகள் கால்சியத்தின் துணையோடு ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. இங்கே பிஹெச் இன்னும் ஆறுக்கு மேலேயே இருக்கிறது. கால்சியமும் உருண்டைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் வரும் கட்டி தயிர் மாதிரி உடையாமல், ரப்பர் போல நின்று, தானாகச் சுருங்கித் தண்ணீரை வெளியே தள்ளும்.

என் முதல் ஈடு ஏன் கஞ்சியானது என்பது இப்போது தெரிந்திருக்கும். நான் பொங்கக் காய்ச்சியதில் மோர்ப்புரதம் மயிரில் போய் ஒட்டிக்கொண்டது. கத்திக்கு வெட்ட இடம் கிடைக்கவில்லை, வெட்டிய இடத்திலும் உருண்டைகள் நெருங்க முடியவில்லை. தயிரைக் கெட்டியாக்கிய அதே ஒட்டுதல் சீஸைக் கெடுத்தது. மாதக்கணக்கில் கெடாது என்று அட்டைப்பெட்டியில் விற்கும் பாலும் இதே காரணத்தால் ரென்னட்டுக்குச் சரிப்படாது.

எதிர் வீட்டு ஆச்சி இதைக் கேள்விப்பட்டு, "அது கன்னுக்குட்டி வயித்துல எடுக்கிறதாமே, நம்ம வீட்டுக்குள்ள எதுக்கு?" என்றார். பழைய ரென்னட் அப்படித்தான். பால் குடிக்கும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. இப்போது ரைசோமியூகர் என்ற பூஞ்சையிலிருந்து வருவது ஒன்று உண்டு. கன்றின் மரபணுவை நுண்ணுயிரில் வைத்து அதே கைமோசினைத் தயாரிப்பதும் உண்டு, அமெரிக்காவில் 1990-இல் அனுமதி கிடைத்த முறை அது. சீசாவில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆச்சி புள்ளியைப் பார்த்த பிறகுதான் ருசி பார்த்தார்.

இரண்டு லிட்டர், படிப்படியாக

பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டுரைஸ் செய்யப்பட்டது. அதைக் காய்ச்ச வேண்டியதில்லை. ஆவினில் பச்சை அல்லது ஆரஞ்சு பாக்கெட் நல்லது. பச்சையில் கொழுப்பு 4.5 சதவீதம், ஆரஞ்சில் 6. நீலத்தில் 3 சதவீதம்தான், கட்டி குறைவாக வரும். கறந்த பால் என்றால் பச்சையாகப் பயன்படுத்தாதீர்கள், புருசெல்லோசிஸ் போன்ற நோய் பாலோடு வரும். 63 டிகிரியில் அரை மணி நேரம் விடாமல் கிளறிக்கொண்டே வைத்து, உடனே ஆற வையுங்கள். கிருமி போய்விடும், மோர்ப்புரதமும் பெரும்பாலும் பிரியாமல் இருக்கும். இதற்கு மட்டும் தெர்மாமீட்டர் கட்டாயம், அப்பத்தாவின் விரல் போதாது.

பாலை 35 டிகிரிக்குச் சூடாக்கி இறக்குங்கள். புளிக்காத தயிர் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, கட்டி இல்லாமல் அடித்துக் கலந்து, மூடி முக்கால் மணி நேரம் விடுங்கள். பாக்டீரியா விழித்துக்கொண்டு புளிப்பைச் சற்றே தொடங்கிவைக்கும், அது ரென்னட்டுக்கு உதவும்.

பாஸ்டுரைஸ் செய்து குளிரவைத்த பாலில் கால்சியம் கொஞ்சம் நிலை மாறியிருக்கும். அதை ஈடுகட்ட, உணவுத் தரக் கால்சியம் குளோரைடு 0.4 கிராம், அதாவது லிட்டருக்கு 0.2 கிராம் கணக்கில், கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். கூட்டிப் போட்டால் கசக்கும்.

ரென்னட்டின் வீரியம் சீசாவுக்குச் சீசா வேறு. என்னுடையதில் 5 லிட்டருக்கு 1 மில்லி என்று இருந்தது, ஆக 2 லிட்டருக்கு 0.4 மில்லி. மருந்துக் கடையில் ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச் வாங்கினால் அளப்பது சுலபம். இதைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கலக்குங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நொதி வீணாகிவிடும். நன்றாகக் கொதிக்க வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். பாலில் ஊற்றி, கரண்டியை மேலும் கீழுமாக அரை நிமிடம் அசைத்து, பால் சுழல்வதை நிறுத்திவிட்டு மூடுங்கள். சுழன்றுகொண்டிருந்தால் கட்டி அறுந்து விழும்.

நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் கழித்துக் கத்தியைச் சாய்வாக உள்ளே விட்டு மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். இந்த ஒரு நொடிதான் முக்கியம். கட்டி நேர்கோட்டில், ஓரம் கூர்மையாகப் பிளந்து, பிளவில் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் தெளிந்த நீர் ஊறினால் பக்குவம். பிளவு கொழகொழவென்று, நீர் பால் வெள்ளையாக இருந்தால் பத்து நிமிடம் பொறுங்கள். ஒன்றேகால் மணி ஆகியும் அப்படியே என்றால் பால் அதிகம் சூடு கண்டது, அல்லது ரென்னட் பழையது. பாக்கெட் பாலிலும் சில சமயம் பால்பவுடர் கரைத்துச் சேர்த்திருப்பார்கள், அதுவும் தளர்ந்த கட்டிதான் தரும். பால் வகையை மாற்றிப் பார்ப்பதுதான் வழி. ரென்னட்டைக் கூட்டிச் சரிக்கட்ட நினைத்தால் சீஸ் கசக்கும்.

பக்குவம் வந்ததும் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டமாக நீளத்திலும் குறுக்கிலும் வெட்டி, ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். புதிதாக வெட்டிய கட்டி ரொம்ப மெல்லியது, உடனே கிளறினால் பொடியாகிப் பாதிக் கொழுப்பு தண்ணீரோடு போகும். பிறகு மிக மெல்லிய தீயில், அரை மணி நேரத்தில் 35-லிருந்து 38 டிகிரிக்கு மட்டும் ஏற்றுங்கள், அடியிலிருந்து மெதுவாகப் புரட்டிக்கொண்டே. கட்டம் சுருங்கி, ஓரம் மழுங்கி, விரலில் நசுக்கினால் கொஞ்சம் எதிர்க்கும். சுத்தமான வேட்டித் துணியில் ஊற்றி வடியவிடுங்கள். கீழே இறங்கும் நீரைக் கொட்டிவிடாதீர்கள். நாங்கள் சப்பாத்தி மாவு பிசைகிறோம், ரசத்துக்கு விடுகிறோம்.

இரண்டு லிட்டர் பச்சைப் பாக்கெட்டில் எனக்கு 260 கிராம் கிடைத்தது. ஒரு லிட்டர் பாலுக்குச் சராசரி நூறிலிருந்து நூற்றைம்பது கிராம் என்று எதிர்பார்த்தால் ஏமாற மாட்டீர்கள்.

வறுக்கவா, உருக்கவா

இங்கே ஒரே கட்டி இரண்டு வழியாகப் பிரியும். எந்தப் பக்கம் போவது என்பதை உள்ளே உயிரோடு இருக்கும் தயிர் பாக்டீரியாவுக்கு நீங்கள் கொடுக்கும் நேரம்தான் தீர்மானிக்கிறது.

வடிந்தவுடன் கட்டியின் எடைக்கு இரண்டு சதவீதம் உப்பு, 260 கிராமுக்கு ஐந்து கிராம் சொச்சம், பிசறி, துணியில் மூட்டையாகக் கட்டி, மேலே அம்மிக் குழவியை வைத்து இரண்டு மணி நேரம் அழுத்திப் பிரிட்ஜில் வைத்துவிட்டால், புளிப்பு அதிகம் ஏறியிருக்காது. கால்சியம் முழுக்க உள்ளே இருக்கும். இதைத் துண்டு போட்டுத் தோசைக்கல்லில் நெய் விட்டு வாட்டினால் உருகாது, பொன்னிறமாகச் சிவக்கும். பன்னீரும் உருகாதுதான், ஆனால் அது கொதிக்கும் பாலில் எலுமிச்சை விட்டுத் திரித்தது, மோர்ப்புரதமும் கேசினும் சேர்ந்து பிணைந்த வேறு பொருள். இது கடித்தால் கீச்சென்று ஒரு சத்தம் வரும்.

பீட்சாவுக்கு வேண்டியது இழுபடுகிற சீஸ். அதற்கு உப்புப் போடாமல், வடித்த கட்டியை மூட்டையாகவே அடுப்படிச் சூட்டில் விட்டு, பாக்டீரியா புளிப்பை ஏற்றக் காத்திருக்க வேண்டும். பிஹெச் 5.2 அருகே வரும்போது கால்சியத்தில் ஒரு பங்கு கரைந்து வெளியேறி, ஒரு பங்கு மட்டும் உள்ளே நிற்கும். உருண்டைகள் ஒன்றையொன்று விடவும் இல்லை, இறுகப் பிடித்திருக்கவும் இல்லை என்ற நிலை. அப்போது சூடு பட்டால் இழையாக இழுபடும். தயிரில் கால்சியம் அறவே போய்விட்டதால்தான் தயிரைச் சூடாக்கினால் இழுபடாமல் திரிகிறது.

மீட்டர் தேவையில்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, அரை மணிக்கு ஒரு தடவை, நெல்லிக்காய் அளவு கிள்ளி 80 டிகிரித் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டுக் கரண்டியால் அழுத்தி இழுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் மணியில் கிள்ளியது சின்னதாக நீண்டு அறுந்தது. மூன்றாம் மணியில் விரல் நீளம் வந்தது. மூன்றரையில் பளபளவென்று ஒரு முழம் இழுத்தது. அக்கா மகன் அதைப் பிடித்துக்கொண்டு பட்டாலை வரை ஓடினான். அப்போதே முழுக் கட்டியையும் நறுக்கிச் சூடான தண்ணீரில் போட்டு, கரண்டியால் மடித்து மடித்து இழுத்து, உருண்டையாக்கி, உப்புக் கலந்த குளிர்ந்த நீரில் போட்டோம். அடுத்த ஈட்டில் பேச்சு சுவாரசியத்தில் ஐந்து மணி நேரம் விட்டுவிட்டேன். வெந்நீரில் போட்டதும் மாவு மாதிரி உதிர்ந்தது. புளிப்பு எல்லை தாண்டிவிட்டால் திரும்பி வர வழியில்லை. அன்றைக்கு அதைப் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் போட்டுப் பிசைந்து தோசைக்குள் வைத்துச் சாப்பிட்டோம்.

இரண்டு வகையுமே பிரிட்ஜில் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டியவை. மாதக்கணக்கில் முதிர வைக்கும் சீஸுக்குப் பத்து, பதின்மூன்று டிகிரியும் நல்ல ஈரப்பதமும் கொண்ட அறை வேண்டும். எங்கள் இரண்டாம் கட்டு எவ்வளவு குளிர்ச்சி என்று பெருமை பேசினாலும் அந்த அளவுக்கு இறங்காது, பிரிட்ஜோ அதைவிடக் குளிர்ந்து காய்ந்து போகும். அந்த ஆசையில் கட்டியை அலமாரியில் வைத்துப் பார்க்காதீர்கள்.